சோள ரொட்டி தட்டிய சாயங்காலங்கள்

அருப்புக்கோட்டையில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. ஆள் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும், ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். சீருக்கு அண்டா எடுக்க வருகிறவர்கள் மேல் தட்டில் இருப்பதைத்தான் கேட்பார்கள். இறக்கிக் காட்டி, துடைத்து, பிடிக்கவில்லை என்றால் திரும்ப ஏற்றிவைத்து, இப்படியே பொழுது போய்விடும். பாலவனத்தம் போக பஸ் ஏறும்போது இரண்டு பாதமும் செருப்புக்குள் வீங்கியிருக்கும். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். விருதுநகரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், வரும்போது பிஜப்பூர், குல்பர்கா பக்கமிருந்து துவரையோ சோளமோ ஏற்றி வருவார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவர் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். வந்தால் தூங்குவார், வாய்க்கு ருசியாகக் குழம்பு கேட்பார், வண்டி வந்துவிட்டது என்று போன் வந்ததும் கிளம்பிவிடுவார். மகள் வளர்ந்ததும், படித்ததும், திருப்பூருக்குக் கல்யாணமாகிப் போனதும் இப்படித்தான் நடந்தது. அவருக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா என்று நான் கேலி செய்வதுண்டு.

பிறகு ஒருநாள் வழியில் டயர் மாற்றும்போது குனிந்தவரால் நிமிர முடியவில்லை. முதுகில் ஜவ்வு விலகிவிட்டது என்றார்கள். மதுரையில் காட்டினோம். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, நெடுநேரம் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னார் டாக்டர். அந்த ரத்தப் பரிசோதனையில்தான் சர்க்கரையும் இருக்கிறது என்று தெரிந்தது. ராத்திரிக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தியோ சிறுதானியமோ சாப்பிடட்டும் என்றார்.

வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள். இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, விருதுநகர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். எந்த லாரி எந்த ஊர் வண்டி, லோடு ஏற்றியிருக்கிறதா காலியாகப் போகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கோதுமை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டாலே நெஞ்சு எரிகிறது என்பார். களி கிண்டினேன். சின்ன வயதில் தின்றது போதும் என்று தட்டை நகர்த்திவிட்டார். அப்போதுதான் செல்போனில் ஒரு அம்மா சோள ரொட்டி செய்வதைப் பார்த்தேன். மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். அந்த அம்மா கையில் அது நிலா மாதிரி வந்தது. இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் காடுகளில் சோளமும் கம்பும் விளைகிறதுதான். ஆனால் நாங்கள் கூழ் காய்ச்சுவோம், களி கிண்டுவோம், சோறாக்குவோம். ரொட்டி தட்டும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மளிகைக்கடையில் பாக்கெட் மாவு வாங்கிவந்தேன். கோதுமை மாவைப் போலப் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். உருண்டை பிடித்து, சப்பாத்திக் கட்டையில் வைத்துத் தேய்த்தேன். ஓரமெல்லாம் வாய் பிளந்தது. எடுத்தால் பாதி கையோடு வந்தது, பாதி கட்டையில் ஒட்டிக்கொண்டது. கல்லில் போட்டது ரொட்டியாக இல்லை, உடைந்த ஓடு மாதிரி கிடந்தது.

அதைத்தான் அவருக்கு வைத்தேன். கத்தரிக்காய்க் கூட்டில் தோய்த்துத் தின்றார்.

வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று பிறகு தெரிந்தது. வெதுவெதுப்பாகக் காயவைத்து ஊற்றினேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் வெடித்தது. பாலிதீன் கவரில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மைதா கொஞ்சம் கலந்தால் வரும் என்று கடையில் கூட வேலை பார்க்கும் பிள்ளை சொன்னாள். மைதா கலப்பதற்குச் சோறே போடலாம். ரொட்டி தட்டி முடித்து நான் சாப்பிட உட்காரும்போது பசி போயிருக்கும். பாத்திரம் கழுவ மனசு வராது. காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று ஊறப் போடுவேன். காய்ந்த சோள மாவு பாத்திரத்தில் சிமெண்ட் மாதிரிப் பிடித்திருக்கும். மறுநாள் காலையில் அதைச் சுரண்டிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

மாதங்கள் இப்படிப் போயின. அவர் உடைந்த துண்டுகளைத் தின்றார். நான் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் தின்பதே எனக்கு ஒரு எரிச்சலாக ஆனது. குறை சொன்னால்கூட பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறிக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரோடு வண்டியில் போய்வந்த இன்னொரு டிரைவர் வீட்டுக்கு வந்தார். இவருக்கு இளையவர். கிளீனராக ஏறி, இவரிடம் பழகி, ஸ்டியரிங் பிடித்தவர். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, ஒரு பை நிறைய பிஜப்பூர் வெங்காயத்தோடு உள்ளே வந்தார். ரெண்டு பேரும் ரூட்டைப் பற்றியும் செக்போஸ்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்கிறேன்.

சாப்பிட்டுப் போகச் சொன்னேன். அன்றைக்கும் சோள ரொட்டிதான். வந்தவருக்குத் தட்டில் வைக்கும்போது கூச்சமாக இருந்தது. முழுசாக ஒன்றுகூட இல்லை. துண்டுகளை அடுக்கி, மேலே ஓரளவு பெரிய துண்டை வைத்து மறைத்தேன். இது சரியா வராது, கோவிச்சுக்காதீக என்று சொன்னேன்.

அவர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னண்ணே, மதினிக்குச் சொல்லிக் குடுக்கலயா?"

எனக்குப் புரியவில்லை. இவர் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணன் தட்டுனா ஒரு கீறல் இருக்காது மதினி. லோடுக்குக் காத்துக் கெடக்கும்போது அங்குட்டு எங்க எல்லாருக்கும் இவுக கை ரொட்டிதான். கன்னடக்கார டிரைவருங்களே வந்து வாங்கித் தின்பாக."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வெங்காய விலை, டீசல், யாரோ ஒருவருக்கு நடந்த விபத்து. அவர் கிளம்பியதும் தட்டுகளை எடுத்துப் போய்த் தொட்டியில் போட்டேன். இவர் நாற்காலியில் இருந்தபடி, மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கத்திவிடுவேன் போல இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே.

மறுநாள் கடையில் முகூர்த்த வியாபாரம். மதியம் சாப்பிட்டதே நின்றுகொண்டுதான். வேலை செய்யும்போதெல்லாம் அந்தத் துண்டுகள் நினைவுக்கு வந்தன. இத்தனை மாதமாக நான் மாவோடு மல்லுக்கட்டுவதை இந்த மனுஷர் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கட்டையை நான் தொம்மென்று வைக்கும் சத்தம், கல்லைச் சுரண்டும் சத்தம், நான் எனக்குள் முனகும் சத்தம் எல்லாம் கேட்டிருக்கும். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படிக்குப் போகாமல் கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டேன். அவர் வாசலிலிருந்து வந்து நிலையைப் பிடித்து நின்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, இன்றைக்கு என்னால் முடியாது என்றேன். கடையில் ஏதாவது வாங்கி வரவா என்றார். வேண்டாம் என்றேன்.

பிறகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

பாத்திரங்களை அவர் தேடும் சத்தம் கேட்டது. எது எங்கே என்று கேட்பார், நான் இருந்த இடத்திலிருந்தே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அடுப்பு பற்றவைத்தார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன்.

நான் செய்தது எதையும் அவர் செய்யவில்லை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு உப்புப் போட்டார். மாவுக்குச் சரிக்குச் சரி தண்ணீர். அடுப்பைத் தணித்து மாவை அதில் கொட்டி, கரண்டிக் காம்பால் ரெண்டு சுற்றுச் சுற்றி, மூடிவைத்தார். மூடிய பிறகு ஒன்றும் செய்யாமல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானாக இருந்தால் அந்த நேரத்தில் வெங்காயம் நறுக்கியிருப்பேன். அப்புறம் மாவைத் தட்டில் கொட்டி, கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்தார். அமுக்கி முன்னால் தள்ளி, மடக்கி, திரும்ப அமுக்கித் தள்ளினார். உதிர் உதிராக இருந்த மாவு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று சேர்ந்து வழவழப்பானது. கொதிக்கிற தண்ணீரில் மாவு பாதி வெந்தால்தான் பிடிப்பு வரும், கோதுமைக்கு இருக்கிற இழுவை சோளத்துக்குக் கிடையாது என்று, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, சொன்னார்.

மாவு பழசு என்றும் சொன்னார். பாக்கெட்டில் எத்தனை மாதம் கிடந்ததோ, பழைய மாவு எவ்வளவு பிசைந்தாலும் விட்டுப்போகும் என்றார்.

ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் கிள்ளி, மறுபடி தேய்த்து, உருட்டி, உள்ளங்கையில் வைத்து வடை போல அமுக்கினார். இடது கை ஓரத்தை அணைத்துச் சுற்றிக்கொண்டே வந்தது. ஓரத்தில் தெரிந்த சின்னக் கீறலை விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு மூடினார். மேடையில் காய்ந்த மாவைத் தூவி, அதன்மேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். சத்தமே இல்லை. குழந்தையைத் தூங்கவைக்கும்போது தட்டுவோமே, அந்தக் கனம்தான். தட்டத் தட்ட ரொட்டி தானாகச் சுற்றியது. ஒரு கை தட்டியது, மறு கை ஓரத்தை வெளியே ஓடவிடாமல் காத்தது.

இரண்டு கையாலும் ஏந்தி, காய்ந்த கல்லில் மாவு தூவிய பக்கம் மேலே வருமாறு போட்டார். உடனே மேலே தண்ணீரைக் கையால் தடவினார். அந்த ஈரம் காய்கிற தறுவாயில் திருப்பிப் போட்டார். முழுக்கக் காயவிட்டால் கல்லிலேயே வெடித்துவிடுமாம். கீழ்ப்பக்கம் புள்ளி விழுந்ததும் எடுத்து நேராகத் தீயில் காட்டினார். ரொட்டி மெதுவாக ஊதி எழுந்தது.

அதைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். பழைய மாவிலும் ஓரத்தில் லேசாக ஒரு கீறல்தான்.

மூன்றாவது ரொட்டியின்போது அவர் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தேன். முதுகு பிடித்துவிட்டது. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காராமல் மேடையில் முழங்கையை ஊன்றி நின்றார். மாவு ஒட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் நான் கேட்டுவிட்டேன்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார். துடைக்கத் துணி தேடினார், நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அடுப்படிக்குள்ள வந்துட்டேன்னா இனி வண்டிக்குப் போக மாட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல. அதான் புள்ள."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் உடனே போய்விட்டது என்று சொன்னால் பொய். அவர் வண்டிக்குப் போகப்போவதில்லை என்பது எனக்கு மதுரை ஆஸ்பத்திரியிலேயே தெரியும். அது அவருக்கும் தெரியும் என்றுதான் இருந்தேன். தினம் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தது பொழுதுபோகாமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ காத்திருந்திருக்கிறார். அந்த ரொட்டிகளை ரெண்டு பேரும் பிய்த்துத் தின்றோம். கூட்டு வைக்கவில்லை, ஊறுகாய்தான் இருந்தது. ருசியாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் கடையிலிருந்து திரும்பியபோது வெள்ளைச் சோளம் ஒரு பையில் இருந்தது. அவரே பக்கத்துக் கடையில் புடைக்கச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். மில்லில் அரைத்து வருவது என் வேலை. மில்லுக்காரர், களிக்கா மாட்டுக்கா என்று கேட்டார். ரொட்டிக்கு என்றதும் ஒருமாதிரி பார்த்தார். களிக்கு அரைப்பது போல நொறுநொறுவென்று இருந்தால் ஓரம் பிளந்துவிடும், நைசாக அரைக்கச் சொல்லு, சூடு ஆறும்வரை பையைக் கட்டாதே என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து வைத்துக்கொண்டோம்.

அவர் பிசைந்து தட்டுவார், நான் கல்லைப் பார்த்துக்கொள்வேன் என்று ஆனது. நின்றபடி ரெண்டு ரொட்டிக்கு மேல் அவரால் முடியாது. அதனால் மீதியை நான் தட்ட வேண்டும். அங்கேதான் சண்டை வந்தது. என் ரொட்டி அப்போதும் வெடித்தது. வெந்நீரும் சரி, மாவும் புதுசு, அவரே பிசைந்தது. என் கைக்கு வந்ததும் ஓரம் பிளக்கும்.

"நீ அடிக்கிற புள்ள. அடிக்காத, தட்டு."

இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல எனக்குக் கை இன்னும் கனத்தது. பகலெல்லாம் குண்டானும் அண்டாவும் தூக்கிய கை. பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷினைப் பிடித்த விரல். அந்தக் கைக்கு மெதுவாக என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தது. ஒருநாள் உருண்டையை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, நீங்கள் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் கை மெதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. அன்றைக்கு நான் தட்ட வேண்டிய ரொட்டியையும் அவரே தட்டினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை.

கடைக்கு லீவு கேட்கவும் வழியில்லை, சீசன். வெந்நீர்ப் பை வைத்துவிட்டு, மாத்திரையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, போன்செய்யச் சொல்லிவிட்டுப் போனேன். மகள் மத்தியானம் போன்செய்தாள். ராத்திரிக்கு ஓட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடு அம்மா, ஏன் ரெண்டு பேரும் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸும் நேரத்துக்கு வரவில்லை. பாளையம்பட்டியில் யாரோ வண்டியை மறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிற்க முடியாமல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கழிப்பறைவரை சுவரைப் பிடித்துப் போய்வந்தாராம். வாங்கிவந்த ஓட்ஸைக் காட்டினேன். சரி என்றார். அவர் அப்படிச் சரி என்றது என்னவோ செய்தது. ஓட்ஸை மேடையில் வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீரை வைத்தேன்.

கொதித்ததும் மாவைப் போட்டு மூடிவைத்தபிறகு எனக்கு வேறு எதுவும் செய்யத் தெம்பில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மாவைத் தட்டில் கொட்டிப் பிசைந்தேன். சூடு கையில் ஏறியது. விரல் மூட்டுக்கு அது இதமாகக்கூட இருந்தது. உருட்டினேன், அமுக்கினேன், மாவைத் தூவி வைத்தேன். தட்ட ஆரம்பித்தபோது என் கையில் வலுவே இல்லை. கையைத் தூக்கி வைப்பதுதான் நான் செய்தது. அழுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எப்போது முடியும் என்று யோசிக்கவும் தெம்பில்லை. ரொட்டி மெல்ல நகர்ந்தது. அதன் ஓரத்தை என் இடது கை பிடித்துக்கொண்டே வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். ஓரம் பிளக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினேன். அப்போதும் பிளக்கவில்லை. ஏந்தி எடுக்கும்போது பயந்தேன். முழுசாகவே வந்தது. கல்லில் போட்டுத் தண்ணீர் தடவினேன். தீயில் காட்டியபோது அவருடையதைப் போல முழுக்க ஊதவில்லை, ஒரு பக்கம்தான் எழுந்தது. போதும்.

தட்டில் வைத்து அவர் பக்கத்தில் கொண்டுபோனேன். படுத்தபடியே பார்த்தார். ஒரு விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினார், முழுச் சுற்றும்.

"அவசரப்படாமத் தட்டிருக்க."

அவசரப்பட எனக்கு இன்றைக்குச் சத்தில்லை என்றேன். அவர் சிரிக்கப்போய், முதுகு வலித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிய்த்து ஊட்டிவிட்டேன். படுத்துக்கொண்டு தின்றால் தொண்டையில் அடைக்கும் என்று தலையணையை மடித்து வைத்தேன். தின்றுகொண்டே அவர் பிஜப்பூர் லோடு மைதானத்தைப் பற்றிச் சொன்னார். லோடு கிடைக்காமல் நாட்கணக்கில் கிடக்க வேண்டுமாம். அரிசி தீர்ந்துவிடும், அங்கே மலிவாகக் கிடைப்பது சோளம். பக்கத்து வண்டிக்காரர்கள் தட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகினாராம். எவ்வளவு மாவு வீணானது என்று கணக்கே இல்லையாம். முதலில் தட்டியதையெல்லாம் நாய்கூட மோந்துபார்த்துவிட்டுப் போனது என்றார். வண்டியில் அவர் எப்படி இருந்தார் என்று நான் அவ்வளவு நாளும் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. வந்தவுடன் தூங்குவார் என்றுதான் எனக்குத் தெரியும்.

படுக்கையிலிருந்து அவர் எழ ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எழுந்த பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு இழுக்கவில்லை. அந்த இளைய டிரைவருக்குப் போன்செய்து பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வேலையாக இருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. ஏலே, நான் இனி வண்டி ஏறல, எங்கயாவது உக்காந்து பாக்குற வேல இருந்தாச் சொல்லு என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல். அதையும் குடிக்காமல் ஆறவிட்டார்.

வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. பந்தல்குடிப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு எடைமேடை. லாரிகள் ஏறி நிற்கும், இவர் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்து எடையைப் பதிந்து சீட்டுக் கொடுக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி இருக்கிறதாம். பழைய டிரைவர்கள் சிலர் வருகிறார்கள். சிலர் அவரைப் பார்த்துவிட்டு, என்னண்ணே இங்க வந்து உக்காந்துட்டீக என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்காமல் சொல்கிறார்.

அவரும் ரெண்டு பஸ் மாறி வர வேண்டியிருக்கிறது. யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் நான்தான். என் ரொட்டி இப்போதெல்லாம் வெடிப்பதில்லை என்று சொல்ல முடியாது. கடையில் யாராவது நாலு வார்த்தை பேசிவிட்ட நாளில் கை தன்னால் அடிக்கிறது, ஓரம் பிளக்கிறது. அந்தத் துண்டுகளை நான் தின்றுவிட்டு, முழுசாக வந்ததை அவருக்கு வைக்கிறேன். அவர் பார்த்தால் பாதியாகப் பிய்த்து என் தட்டில் போடுவார்.

மகள் பேரனோடு வந்திருந்தபோது ஆசையாகத் தட்டிப் போட்டோம். பேரன் ஒரு வாய் கடித்துவிட்டு, தோசை வேண்டும் என்றான். அவள் அவனுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். தட்டில் கிடந்த ரொட்டியை அவளே நெய் தடவித் தின்றுவிட்டு, அப்பாவா தட்டினார் என்று ரெண்டு தரம் கேட்டாள்.

நேற்று எங்கள் ரெண்டு பேருக்குமே ஏலவில்லை. அவர் வரும்போதே கடையில் இட்லி வாங்கி வந்துவிட்டார். சர்க்கரைக்கு ஆகாதுதான். பொட்டலத்தைப் பிரித்து, சாம்பார் பாக்கெட்டைக் கத்தரித்து, டிவி போடாமல் சாப்பிட்டோம். சாப்பிட்ட இலையைச் சுருட்டும்போது, நாளைக்கு மாவு அரைக்கணும், தீந்துபோச்சு என்றார். சரி என்றேன்.